எப்போதும் இப்படியா, அப்போது மட்டுமா?

மனநோய் மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சி பெறும் மருத்துவரிடம் இளம் பெண் ஒருத்தியை அவள் குடும்பத்தார் அழைத்து வருகின்றனர். "இவள் மனநிலை ஒரு நிலையில் நிற்பதில்லை. சற்றுமுன் சிரித்தவள் இப்போது அழுகிறாள். கோபம் வந்தால் அளவு தெரிவதில்லை. கையில் கிடைக்கும் பணத்தையெல்லாம் செலவழித்துவிடுகிறாள். இருமுறை கையைக் கீறிக்கொண்டாள்" என்று அவர்கள் கூறுகின்றனர். இந்த விவரம் முழுதும் உண்மையே. ஆனால் இதைக்கொண்டு நோய் இன்னதென்று கூறிவிட இயலாது. ஏனெனில் இது இருவேறு கோளாறுகளுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். ஒன்று இருதுருவ மனநோய். மற்றொன்று எல்லைக்கோட்டு ஆளுமை எனப்படும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு.

இவ்விரண்டையும் மாற்றி உணர்ந்தால் விளையும் தீங்கு சிறிதன்று. இருதுருவ மனநோயின் சிகிச்சைக்கு அடிப்படை மருந்தேயாகும். லித்தியம் போன்ற மருந்துகளை உரிய காலத்தில் தராவிடில், நோய் மீண்டும் மீண்டும் தாக்கி வேலையையும் குடும்பத்தையும் சில வேளை உயிரையும் கொண்டுபோகும். எல்லைக்கோட்டு ஆளுமையிலோ உரையாடல் வழிச் சிகிச்சையே முதன்மையானது. மருந்து துணையளவில் நிற்பது. அந்நோயாளிக்கு இருதுருவ நோயென்று பெயரிட்டு லித்தியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், அவருக்குப் பயன்படும் சிகிச்சை கிடைக்காமற் போவதோடு, மனம் உடைந்த ஒரு மாலை வேளையில் அளவு மீறி விழுங்குவதற்கு நச்சுத்தன்மை மிக்க ஒரு மருந்தும் கைக்கெட்டும் தொலைவில் இருந்துவிடும்.

ஆகவே இவ்விரண்டையும் பயிற்சி மருத்துவர் எவ்வாறு பகுத்துணர்கிறார் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக இங்கு விளக்குவோம். களப்பணியாளரும் ஆசிரியரும் தரும் செய்திகளே பெரும்பாலும் இப்பகுப்பைத் தீர்மானிப்பதால், இது மருத்துவருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

காலமே அளவுகோல்

ஒரு நாளில் நோயாளி காட்டும் தோற்றத்தைக் காட்டிலும், நோய் காலப்போக்கில் நடக்கும் முறையே முக்கியமானது என்னும் கருத்து புதிதன்று. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் 1899-இல் வெளியிட்ட தம் பாடநூற் பதிப்பில், மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வந்து இடையில் தெளியும் நோயைத் தனியே பிரித்துக் காட்டினார். இன்று நாம் இருதுருவ மனநோய் என்பதற்கு மூலம் அதுவே. எல்லைக்கோட்டு நோயாளிகளைக் குறித்து அமெரிக்காவில் அடால்ஃப் ஸ்டெர்ன் 1938-இல் எழுதினார். 1980-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தின் மூன்றாவது வகைப்பாட்டு நூல், எல்லைக்கோட்டு ஆளுமைக்கு முறையான இலக்கணத்தை வகுத்தது.

இருதுருவ மனநோய் நோய்க்காலங்களாக வருவது. ஒருவர் தம் வழக்கமான இயல்பினின்று விலகி, சில நாட்களோ வாரங்களோ வேறொருவராக இருந்து, பின்னர்த் தம் இயல்புக்கு மீள்கிறார். அமெரிக்க வகைப்பாட்டின்படி, மிகை எழுச்சி எனப்படும் மேனியா குறைந்தது 7 நாட்கள் நீடிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் இந்நாட்கணக்கு வேண்டுவதில்லை. அதன் மென்மையான வடிவாகிய ஹைப்போமேனியா தொடர்ந்து 4 நாட்களேனும் இருத்தல் வேண்டும். மனச்சோர்வு 2 வாரங்களேனும் நிலைக்க வேண்டும். எழுச்சிக் காலத்தில் மனம் பொங்குவது மட்டும் போதாது. உடலின் சுறுசுறுப்பும் கூடவே மிகுந்திருத்தல் வேண்டும்.

எல்லைக்கோட்டு ஆளுமை நோய்க்காலமாக வந்து போவதன்று. அது இளமைப் பருவத்தில் தலைகாட்டி, ஆண்டுக்கணக்கில் அம்மனிதரின் வாழ்க்கை முழுவதிலும் ஊடுருவி நிற்கும் போக்கு. தம்மை நேசிப்பவர் கைவிட்டுவிடுவாரோ என்னும் அச்சம், இன்று தெய்வமாகவும் நாளை பகைவராகவும் ஒருவரையே கருதும் உறவு முறை, தாம் யார் என்பதில் தெளிவின்மை, உள்ளே வெறுமை, கட்டுக்கடங்காத கோபம், தன்னைத் தான் துன்புறுத்திக்கொள்ளல் ஆகியவை அதன் கூறுகள். இதில் மனநிலை மாறுவது மணிக்கணக்கில். சில நாட்களுக்கு மேல் நீடிப்பது அரிது.

இங்கே பயிற்சி மருத்துவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இருதுருவ நோயில் விரைவுச் சுழற்சி என்றொரு வகை கூறப்படுகிறது. ஒரே நாளில் நான்கு முறை மனநிலை மாறும் நோயாளியைக் கண்டதும், "இது விரைவுச் சுழற்சி" என்று எழுதிவிடுகின்றனர். அச்சொல்லின் பொருள் அதுவன்று. ஓர் ஆண்டில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முழு நோய்க்காலங்கள் வருவதே விரைவுச் சுழற்சி. அவற்றுள் ஒவ்வொன்றும் மேற்கூறிய நாட்கணக்கை நிறைவு செய்தாக வேண்டும்.

கேம்ப்பிலிருந்து வந்த பெண்

பூனா நகரின் பாளையப் பகுதியாகிய கேம்ப்பில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. கீழ்வரும் வரலாறு அத்தகைய குடும்பமொன்றைப் பின்புலமாக வைத்துப் பயிற்சிக்கென அமைக்கப்பட்டது. உண்மையான எவரையும் குறிப்பதன்று.

பெண்ணுக்கு வயது 23. மகாத்மா காந்தி சாலையில் துணிக்கடை ஒன்றில் விற்பனையாளர். மணம் பேசியிருந்த இளைஞனோடு தொலைபேசியில் சச்சரவிட்ட இரவில் முன்கையைப் பிளேடால் கீறிக்கொண்டாள். முதலில் பார்த்த மருத்துவர் "மனநிலை ஏற்றத்தாழ்வு, இருதுருவ நோயாகலாம்" என்று எழுதி, வால்ப்ரோயேட் என்னும் மருந்தைத் தொடங்கியிருந்தார். மூன்று மாதங்களில் மாற்றம் ஏதுமில்லை.

பயிற்சி மருத்துவர் முதலில் நோயின் பெயரை ஆராயவில்லை. உயிருக்கு இடர் உண்டா என்பதையே கேட்டறிந்தார். சாக விரும்பியா கீறிக்கொண்டாள், இப்போதும் அவ்வெண்ணம் உண்டா, வீட்டில் மாத்திரைகள் எவ்வளவு இருக்கின்றன என்று நேராகவே வினவினார். "கவனத்தை ஈர்ப்பதற்காகச் செய்கிறாள்" என்று இதனைத் தள்ளிவிடுதல் பெரும் பிழை. இவ்விரு கோளாறுகளிலும் தற்கொலையால் இறப்போர் உளர். அடுத்து, தைராய்டு மிகைப்பு, ஸ்டீராய்டு மருந்து, போதைப் பொருள், வலிப்பு நோய் ஆகியன மனநிலையை மாற்றக்கூடும் என்பதால் அவற்றை விசாரணையாலும் சோதனையாலும் நீக்கினார்.

அதன் பின்னரே மனநிலையின் காலக்கணக்குக்கு வந்தார். இங்கு மொழியால் ஓர் இடையூறு நேர்ந்தது. மருத்துவர் இந்தியில் வினவினார். தாய்க்குத் தமிழே சரளம். அண்ணன் இடையிலிருந்து மொழிபெயர்த்தான். தாய் நெடுநேரம் பேசியதை அவன், "அடிக்கடி மாறுகிறதாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அருகிலிருந்த தமிழறிந்த செவிலியொருவர் மீண்டும் கேட்டபோதுதான் முழுச் செய்தியும் வெளிவந்தது.

"சிஸ்டர், அவன் போனை எடுக்காவிட்டால் உலகமே இடிந்ததுபோல் அழுவாள். பொழுது சாயுமுன் அவன் பேசிவிட்டால் பாட்டுப் பாடிக்கொண்டு சமைப்பாள். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே தோழி ஒருத்தி பேசவில்லையென்று இப்படித்தான் இருந்தாள். இவள் எப்போதும் இப்படித்தான்."

இச்சில வரிகளில் பகுப்புக்கு வேண்டிய மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. மாற்றம் மணிக்கணக்கில் நிகழ்கிறது. அது உறவில் ஏற்படும் நெருக்கத்தையும் விலகலையும் பின்பற்றுகிறது. அது நெடுநாளைய இயல்பு, இயல்பினின்று விலகியதன்று. அண்ணன் மொழிபெயர்ப்பில் காணாமற் போனது "பொழுது சாயுமுன்" என்னும் சொற்றொடரே. நோய்நிர்ணயம் தொங்கிக்கொண்டிருந்ததும் அச்சொற்றொடரில்தான்.

ஆயினும், ஏதோ ஒரு நிகழ்ச்சியால் தூண்டப்பட்டது என்பது மட்டும் எல்லைக்கோட்டு ஆளுமைக்குச் சான்றாகாது. இருதுருவ நோயின் நோய்க்காலங்களும், சிறப்பாகத் தொடக்கத்தில் வருபவை, இழப்புக்கோ மனக்கவலைக்கோ பின் எழக்கூடும். எனவே தூண்டுதல் இருந்ததா என்று கேட்பதோடு நில்லாமல், தூண்டுதல் நீங்கியபின் மனநிலை என்ன ஆயிற்று என்றும் கேட்க வேண்டும். சச்சரவு தீர்ந்ததும் சோர்வு கலைந்துவிடின் அது உணர்ச்சியின் எதிரொலி. சச்சரவு தீர்ந்து, நற்செய்தி வந்து, வீட்டில் விருந்தே நடந்தாலும் சோர்வு தன்பாட்டில் வாரக்கணக்கில் தொடருமாயின் அது நோய்க்காலம்.

பத்து நாள் எழுச்சி

விசாரணை ஏறத்தாழ முடிந்த நிலையில் அண்ணன் ஒரு செய்தியைக் கூறினான்: "சென்ற ஆண்டு கணபதி விழாவின்போது பத்து நாட்களும் இவள் தூங்கவேயில்லை. ஆடினாள், ஓயாமல் பேசினாள், சேமிப்பு முழுவதையும் செலவழித்தாள்."

மேற்போக்காக நோக்கினால் இது ஹைப்போமேனியாவின் இலக்கணத்தை நிறைவு செய்வதுபோலத் தோன்றுகிறது. நாட்கள் பத்து, தூக்கம் குறைவு, பேச்சு மிகுதி, செலவு மிகுதி. பெயர்களைப் பட்டியலில் குறியிட்டுக் கூட்டுபவர் இந்த இடத்தில் இருதுருவ நோயென்று முடித்துவிடுவார். பயிற்சி மருத்துவரோ ஒவ்வொரு குறியையும் தனித்தனியே சோதித்தார்.

முதலாவது, தூக்கம். தூக்கம் குறைந்ததா என்பதன்று வினா. தூக்கத்தின் தேவை குறைந்ததா என்பதே வினா. மிகை எழுச்சியில் இருப்பவர் இரண்டு மணி நேரம் உறங்கி எழுந்து, பகல் முழுதும் களைப்பின்றி இயங்குவார். இப்பெண்ணோ இரவெல்லாம் பந்தலில் விழித்திருந்து, பகலில் கிடைத்தபோதெல்லாம் உறங்கினாள். கடையில் கொட்டாவி விட்டாள். விசர்ஜனத்துக்கு மறுநாள் மாலைவரை எழவில்லை.

இரண்டாவது, சுற்றம். அந்தத் தெருவில் அப்பத்து இரவுகளிலும் இளைஞர் எவரும் உறங்கவில்லை. ஊரே ஒலிபெருக்கியோடு ஆடுகையில் ஒருத்தி ஆடியது அவள் இயல்பினின்று விலகியதாகாது. அதே நாட்களில் பகலில் அவளோடு வேலை செய்தவர்கள் அவளிடம் எவ்வித மாறுதலையும் காணவில்லை.

மூன்றாவது, தொடர்ச்சி. ஆறாம் நாள் அந்த இளைஞன் வேறொரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு, இவள் மூன்று மணி நேரம் அறைக்குள் அழுதிருந்தாள். எழுச்சி தொடர்ந்து நிற்கவில்லை. வழக்கம்போல் நிகழ்ச்சிகளோடு ஏறி இறங்கியது.

நான்காவது, செலவு. சேமிப்பு கரைந்தது பத்து நாட்களிலன்று, ஒரே பிற்பகலில். அவனுக்குக் கைக்கடிகாரம் வாங்கிய செலவு அது. ஆறாம் நாள் சச்சரவுக்கு மறுநாள் நிகழ்ந்தது.

இவ்வாறு சோதித்தபின் பத்து நாள் எழுச்சி மறைந்து, விழாவும் ஒரு சச்சரவும் எஞ்சின. குடும்பத்தில் இருதுருவ நோய் உடையவர் எவருமில்லை. அமெரிக்க வகைப்பாட்டில் எல்லைக்கோட்டு ஆளுமைக்குக் கூறப்பட்ட 9 கூறுகளில் 5 இருந்தால் போதும். இவளிடம் 7 இருந்தன. நோய்நிர்ணயம் எல்லைக்கோட்டு ஆளுமை என்று தற்காலிகமாக எழுதப்பட்டது.

வால்ப்ரோயேட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதென முடிவாயிற்று. கருவுறக்கூடிய வயதில் அம்மருந்து சிறப்பாகத் தவிர்க்கத்தக்கது. கருவிலிருக்கும்போது அதற்கு ஆட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு உறுப்புக் குறைபாடு நேர்கிறது. அதற்கு மாறாக, மார்ஷா லினஹன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் வகுத்து 1991-இல் ஆய்வு முடிவை வெளியிட்ட உரையாடல் சிகிச்சை முறையைத் தழுவி, வாரந்தோறும் சந்திப்புகள் ஏற்பாடாயின. அலை எழும்போது கையைக் கீறாமல் அதனைக் கடப்பது எங்ஙனம் என்பது அதில் பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. நெடுநாள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகளில், இந்நோயாளருட் பெரும்பாலோர் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேறியமை காணப்பட்டது. இதனைக் குடும்பத்தாருக்கும் கூறுதல் நன்று. ஆளுமைக் கோளாறு என்னும் சொல்லைக் கேட்டதும் மாறாத குணக்கேடு என்று அவர்கள் கருதிவிடுகின்றனர்.

எதிர்த்திசையில் நேரும் பிழை

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அதே பயிற்சித் தொகுப்பின் இரண்டாவது வரலாறு, 36 வயதுள்ள ஓட்டுநர் ஒருவருடையது. மருத்துவமனையில் சேர்ந்த இரவில் செவிலியரோடு சண்டையிட்டார்; மணிக்கட்டில் வெட்டுக்காயம் இருந்தது; கடன் மிகுதி; ஒரு நொடி சிரிப்பும் மறுநொடி கண்ணீருமாக இருந்தார். "ஆளுமைக் கோளாறு" என்று இரவுப் பணி மருத்துவர் எழுதினார்.

மறுநாள் மனைவி வந்து கூறியது வேறு: "பதினான்கு ஆண்டுகளாக இவரோடு வாழ்கிறேன். குரல் உயர்த்திப் பேசியவரல்லர். இந்தப் பதினொரு நாட்களாக இவர் இவராகவே இல்லை." இரவு இரண்டு மணிக்கு எழுந்து வண்டியைக் கழுவினார், களைப்பே இல்லை, மூன்று புதிய வண்டிகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். சச்சரவோ இழப்போ முன்னர் நிகழவில்லை. மழைக்காலத்தில் ஐந்து வாரங்கள் வேலைக்கும் செல்லாமல், உண்ணாமல் படுத்துக் கிடந்தார். இவருடைய சிற்றப்பா ஆண்டுக்கணக்கில் லித்தியம் உட்கொண்டவர்.

எழுச்சியும் சோர்வும் ஒரே வேளையில் கலந்து நிற்கும் கலப்பு நிலை இருதுருவ நோயில் உண்டு. அந்நிலையில் இருப்பவரை ஓரிரவு மட்டும் கண்டால், எல்லைக்கோட்டு ஆளுமையாகவே தோன்றுவார். ஆகையால் நோய்க்காலத்தின் நடுவே ஒருவருடைய ஆளுமையை எடைபோடலாகாது. தெளிந்த நாட்களில் அவர் எப்படிப்பட்டவர் என்பதை அறிந்தவரிடம் கேட்டே அதனை மதிப்பிட வேண்டும். இவருக்கு லித்தியம் தொடங்கப்பட்டது. இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்குமாறு சோதித்து வர வேண்டும், 1.5-ஐக் கடந்தால் நச்சு அறிகுறிகள் தோன்றக்கூடும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் காலந்தோறும் சோதிக்க வேண்டியிருப்பதும் தேவையற்றவருக்கு இம்மருந்தைத் தரலாகாது என்பதற்கு மற்றுமொரு காரணமாகும்.

இரண்டும் ஒருங்கே இருத்தல்

இவ்விரண்டுள் ஒன்றுதான் இருக்கும் என்றும் கொள்ளலாகாது. எல்லைக்கோட்டு ஆளுமை உடையவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருதுருவ நோயும் உடனிருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. எஞ்சிய நால்வருக்கு இல்லை என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. ஆகவே ஒன்றைக் கண்டவுடன் மற்றதைத் தேடுவதை நிறுத்தலும் தவறு. மற்றதும் இருந்தே தீரும் எனக் கருதலும் தவறு. கேம்ப்புப் பெண்ணின் ஏட்டில் "தற்காலிகம்" என்னும் சொல் சேர்க்கப்பட்டது இதன்பொருட்டே. பிற்காலத்தில், எவரோடும் சச்சரவின்றி ஐந்தாறு நாட்கள் தூக்கம் வேண்டாமல் அவள் இயங்கியதாகச் செய்தி வந்தால், முடிவை மீண்டும் ஆராய்ந்தே ஆக வேண்டும். மனச்சோர்வு மருந்து தொடங்கிய சில நாட்களில் அத்தகைய எழுச்சி தோன்றினும் அவ்வாறே.

ஐயம் தீராதபோது மருத்துவர் மேற்கொள்ளும் முறை எளியது. எட்டு வாரங்களுக்கு நாள்தோறும் மனநிலை, உறங்கிய நேரம், அன்று நிகழ்ந்தது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துவரச் செய்கிறார். கடந்த காலத்துக்குத் தேதி நினைவில்லாதபோது, தீபாவளிக்கு முன்பா, பள்ளித் தேர்வுக்குப் பின்பா, தங்கையின் திருமணத்தின் போதா என்று கேட்டு ஒரு வாழ்க்கைக் கோட்டை வரைகிறார்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியது

இக்கோடு முழுமை பெறுவது பிறர் தரும் செய்தியாலேயே. நோயாளியைப் பரிந்துரைத்து அனுப்பும் களப்பணியாளர், "மனநிலை மாறுகிறது" என்று மட்டும் எழுதினால் மருத்துவருக்குப் பயனில்லை. மாற்றம் எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள் நின்றது, அப்போது உறக்கம் எவ்வாறிருந்தது, மறுநாள் களைப்பு இருந்ததா, எதன்பின் எழுந்தது, எப்போது தணிந்தது என்று எழுதினால் பாதி வேலை முடிந்ததாகும். வீட்டார் கூறியதைச் சுருக்காமல், அவர்கள் கூறிய சொற்களிலேயே எழுதுதல் வேண்டும்.

ஆசிரியரிடம் வேறெவரிடமும் இல்லாத ஒரு சான்று உண்டு. அது வருகைப் பதிவேடு. சிறப்பாகப் பயின்றுவந்த மாணவி ஒருத்தி ஆகஸ்டு மாதத்தில் மூன்று வாரங்கள் தொடர்ந்து வராமல், பின்னர்த் தன் இயல்புக்கு மீண்டு வந்தாள் என்பது ஒரு செய்தி. ஆண்டு முழுதும் வாரத்தில் ஒரு நாள், தோழியரோடு சச்சரவு நேர்ந்த மறுநாள் மட்டும் வராமலிருந்தாள் என்பது முற்றிலும் வேறான செய்தி. ஆசிரியர் நோயின் பெயரைக் கூற வேண்டுவதில்லை, கூறுவதும் தகாது. அத்தேதிகளைப் பெற்றோர் வாயிலாக மருத்துவருக்குத் தெரிவித்தால் போதும். கையில் கீறல் தழும்புகளைக் கண்டாலோ சாவைப் பற்றிய பேச்சைக் கேட்டாலோ, தேதிகளைத் திரட்டக் காத்திராமல் அன்றே பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.